மெதுவா நகரும் காதல் கதை "லேக் ஆகுது"ன்னு சொல்றாங்க. 8 முதல் 14 வரை என்ன பண்ணலாம்?

மதுமதி_கதைகள்

எல்லாருக்கும் வணக்கம். வாரம் ரெண்டு எபி வீதம் ஒரு தொடர்கதை போயிட்டு இருக்கு, மொத்தம் 30 அத்தியாயம்னு திட்டம். வீட்ல அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதணும்னு ஆரம்பிச்சேன். முத்தக்காட்சி கிடையாது, இரட்டை அர்த்தம் கிடையாது.

கதை இதுதான். கோவில்பட்டி. முருகவேலுக்கு 32 வயசு, அப்பா விட்டுட்டுப் போன கடலைமிட்டாய்ப் பட்டறையையும் கடனையும் பார்த்துக்கிறான். பூங்கொடிக்கு 27. பத்திரிகை அடிச்ச பிறகு நின்னுபோன ஒரு கல்யாணம் அவளுக்கு இருக்கு. பெரியவங்க பேசி இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடியுது. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிறாங்க.

8ல அவன் கல்லாச் சாவியை அவகிட்ட கொடுக்கிறான். 9ல அவளுக்குக் காய்ச்சல், அவன் கஞ்சி வச்சுக் கொடுக்கிறான். 10ல கழுகுமலை போறாங்க. 11ல அவன் ஒரு பொண்ணோட பஸ் ஸ்டாண்ட்ல பேசுறதைப் பார்க்கிறா. 12, 13 ரெண்டும் மௌனம். 14ல நாத்தனார் வந்து, "அது கடன் கொடுத்தவரோட பொண்ணு"ன்னு சொல்லித் தீர்த்து வைக்கிறா.

8 வரைக்கும் நல்ல கமெண்ட் வந்துச்சு. 12லேருந்து "லேக்", "எப்போ சேருவாங்க", "ரைட்டர்ஜி கொஞ்சம் ஸ்பீடு"ன்னு வருது. மெதுவா போறதுதானே கதையே? வேகப்படுத்தினா கெட்டுப்போயிடாதா?

ரைட்டர் பித்தன்

சிம்பிள். ரொமான்ஸ் சீன் இல்லாததால போர் அடிக்குது. கிளீன் நாவல்னா அந்த இடத்தை வேற எதையாவது வச்சு நிரப்பணும். கூட்டுக்குடும்பம் போடுங்க. பெரியப்பா, சித்தி, குழந்தைகள், ஒரு சொத்துத் தகராறு. எபிக்கு ஒரு ட்விஸ்ட். ஜோடி சேர்றது தள்ளிப்போனாலும் படிக்கிறவங்களுக்குத் தெரியாது.

புதுஎழுத்து

நானும் இதே மாதிரி ஒண்ணு எழுதி வச்சிருக்கேன் சிஸ். 30 எபின்னா ஒரு எபி எத்தனை வார்த்தை? புத்தகமா போட்டா எத்தனை பக்கம் வரும்?

மதுமதி_கதைகள்

1,200லேருந்து 1,500 வார்த்தை வரும்மா. புத்தகக் கணக்கு இன்னும் பார்க்கலை.

பிழைதிருத்தி

மாத நாவல் காலத்தில் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தவள் நான். குடும்பக் கதைகள் நிறைய கை வழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்: 9ஆம் அத்தியாயத்தையும் 10ஆம் அத்தியாயத்தையும் இடம் மாற்றிப் போட்டால் கதையில் ஏதாவது உடையுமா? முதலில் கழுகுமலை, பிறகு காய்ச்சல். யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

மதுமதி_கதைகள்

உடையாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா ரெண்டுமே இனிமையான எபி. கஞ்சி எபிக்குத்தான் அதிகமா லைக் வந்துச்சு.

பிழைதிருத்தி

இனிமை இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடையவில்லை என்றால், அந்த இரண்டு அத்தியாயங்களும் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று பொருள். கஞ்சி குடித்தாள், குணமானாள், மறுநாள் பழைய பூங்கொடியாகவே எழுந்தாள்.

சாவி கொடுத்த 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை 3க்கு மாற்ற முடியாது, 12க்கும் மாற்ற முடியாது. சாவி வாங்கிய பிறகு அவள் பட்டறையில் உட்கார உரிமையுள்ளவள் ஆகிவிட்டாள், கடன் எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது. திரும்பப் போக வழியில்லை. வாசகர்கள் 8 வரை குறை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் எழுதுகிறவர்களிடம் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: நேற்றுவரை இவளால் இவனிடம் செய்ய முடியாத எதை இன்று செய்ய முடிகிறது? அல்லது, நேற்றுவரை முடிந்த எது இன்று முடியவில்லை? அந்த வரி வரவில்லை என்றால் அத்தியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இழுவைதான்.

11 முதல் 14 வரை இன்னும் கடினம். நான்கு அத்தியாயம், அதாவது உங்கள் கணக்கில் இரண்டு வாரம். முடிவில் இருவரும் எங்கே நிற்கிறார்கள்? 10ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியில். வாசகரை இரண்டு வாரம் நடக்க வைத்து, புறப்பட்ட இடத்திலேயே இறக்கி விட்டிருக்கிறீர்கள்.

பித்தன் சொல்வதில் ஒரு பாதி சரி: இடத்தை எதனாலாவது நிரப்பத்தான் வேண்டும். ஆனால் சொத்துத் தகராறால் நிரப்பினால் அது சொத்துத் தகராறு கதை. காதல் நகராமல் நிற்கிறது என்பது வாசகருக்குத் தெரியாமல் போகாது. அவர்கள் வந்ததே அதற்காக.

நிலாப்பெண்

சந்தேகம், ஊடல் எல்லாம் இல்லாம எப்படிங்க? ஹீரோயின் தப்பா புரிஞ்சுக்கிறது எல்லாக் கதையிலும் இருக்கே.

பிழைதிருத்தி

இருக்கிறது. ஆனால் "யார் அந்தப் பெண்?" என்ற ஒரு கேள்வியில் தீரக்கூடிய தடையை நான்கு அத்தியாயத்துக்குத் தாங்க வைக்க முடியாது. வாசகி மூன்றாம் பத்தியிலேயே "கேட்டுத் தொலையேன்" என்று கத்த ஆரம்பித்துவிடுவாள். அதோடு, தீர்த்து வைத்தது நாத்தனார். காதலிக்கிற இருவரும் அதற்காக எதையும் செய்யவில்லை, எதையும் இழக்கவில்லை. ஆகவே சேரும்போது வாசகருக்கு நிறைவு வராது.

மதுமதி, தடையை வெளியே தேட வேண்டாம். பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோன கல்யாணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது கதையில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

மதுமதி_கதைகள்

2ஆம் எபில ஃப்ளாஷ்பேக்கா வருது. அப்புறம் அப்பப்போ அழுவா.

பிழைதிருத்தி

அழுகையை விடுங்கள். அடிபட்டவள் எப்படி நடந்துகொள்வாள்? எதையும் நிலையானது என்று நம்ப மாட்டாள். அதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு பொருளில் வையுங்கள். எனக்குத் தோன்றுவது: அவள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. பெயர் நீக்கிய சான்று வாங்கியாகிவிட்டது, ஆனால் அதைக் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். இங்கே சேர்க்கக் கொடுக்கவில்லை. பெட்டியிலும் பாதித் துணி இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது.

மாமியார் மாதாமாதம் கேட்கிறாள். வில்லத்தனமாக வேண்டாம், "சர்க்கரை ஒரு ஆள் கணக்கு குறையுதே" என்ற அளவில் போதும். முருகவேலுக்குப் பெட்டியில் சான்று இருப்பது தெரியும். அவளுக்கு, அவனுக்குத் தெரியும் என்பது தெரியாது.

இப்போது 9ஐ எழுதிப் பாருங்கள். மாமியார் கேட்கிறாள். அவன், "அது அவ தோணும்போது கொடுப்பா, நீங்க கேட்காதீங்கம்மா" என்கிறான். அவள் அடுப்படியில் நின்று கேட்டுவிடுகிறாள். தொடுதல் இல்லை, கவித்துவமான வசனம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளால் "இவன் கவனிக்கவில்லை" என்று நினைத்துக்கொள்ள முடியாது.

கோவில்பட்டிக்காரன்

இப்போ பெயர் நீக்கல், சேர்த்தல் எல்லாம் ஆன்லைன்லயே பண்ணலாம்ங்க. பெட்டில சான்று வச்சுக்கிட்டு யாரு அலையுறா?

அப்புறம் மதுமதி, 5ஆம் எபில முருகவேல் சூடான பாகைக் கையால தொட்டுப் பதம் பார்க்கிறான்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊர் மானத்தை வாங்காதீங்க. பாகுல ஒரு சொட்டை எடுத்துத் தண்ணியில விடுவாங்க. கெட்டியாகி, எடுத்துத் தட்டினா டக்குனு சத்தம் வரணும், உடைச்சா சட்டுனு உடையணும். அப்போதான் வறுத்துத் தோல் நீக்கின கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில போட்டு உருட்டித் தேய்ச்சு, ஆறுறதுக்குள்ள கீறல் போடுவாங்க. 2020ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு சார் அது.

பிழைதிருத்தி

ஆன்லைன் என்றால் இன்னும் நல்லது. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி, செல்போனில் அப்படியே விட்டுவைத்திருக்கிறாள் என்று எழுதலாம். பெட்டியில் துணி மட்டும் இருக்கட்டும்.

கோவில்பட்டிக்காரர் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். ஆறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால் இரண்டு பேர் பக்கத்தில் நின்று, பேசாமல், ஒரே வேகத்தில் கை வைக்க வேண்டியிருக்கும் அல்லவா?

கோவில்பட்டிக்காரன்

ஆமா. ஒருத்தர் தேய்க்க ஒருத்தர் கீறணும். நேரம் விட்டா பாளம் பாளமா உடையும், நேரா வெட்ட வராது.

பிழைதிருத்தி

அப்படியானால் காய்ச்சலையும் கஞ்சியையும் எடுத்துவிட்டு, அவனுக்குக் காயம் வைக்கலாம். தீபாவளி ஆர்டர் நேரம். பாகு தெறித்து அவன் வலது கையில் ஒட்டிக்கொள்கிறது. வெல்லப் பாகு ஒட்டினால் பிடுங்கக் கூடாது, தோலோடு வரும். குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நிமிடக்கணக்கில். கல்யாணமாகி அவள் தானாகக் கை நீட்டி அவனைத் தொடுவது அதுதான் முதல் தடவை என்று வையுங்கள்.

கவனிக்க வேண்டியது, தொட வேண்டிய தேவை உண்மையாக இருக்கிறது. தடுக்கி விழுந்து அவன் பிடிப்பது, புடவை கதவில் மாட்டுவது எல்லாம் எழுதுகிறவரின் கை. வாசகருக்கு அது தெரிந்துவிடும். தண்ணீரில் நிற்பது பாத்திரங்களின் காரியம்.

மறுநாளிலிருந்து அவன் கையால் கீறல் போட முடியாது, அவள் போட வேண்டும். கணக்கும் அவள் எழுத வேண்டும், அவன் சொல்லச் சொல்ல. பட்டறையில் அவளுக்கு இடம் நிரந்தரமாகிவிட்டது. 8இல் கொடுத்த சாவிக்கு 10இல் வேலை வந்துவிட்டது.

சுகந்தி செல்வம்

இதைப் படிச்சதும் எங்க வீட்டுக்காரர் ஞாபகம்தான். கல்யாணமான புதுசுல எனக்குக் குளிரும், அவருக்கு வேர்க்கும். நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு நாள் பார்த்தா ஃபேனை 2லயே வச்சிட்டுத் தூங்குறார், சட்டை எல்லாம் நனைஞ்சு. இதை எல்லாம் கதையில வைக்கலாமா? ரொம்பச் சின்ன விஷயமா இருக்குமோ?

பிழைதிருத்தி

சுகந்தி, வைக்கலாம். ஆனால் ஒரு தடவை வைத்தால் அது வெறும் இனிமை. முதல் தடவை பூங்கொடி கவனிக்க வேண்டும், ஆனால் புரியக் கூடாது. கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறான் என்று நினைக்கட்டும், கடன்காரன்தானே. இரண்டாம் தடவை, சில அத்தியாயம் கழித்து, அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மாமியார் வாய் தவறி, "நீ இல்லாத ரெண்டு நாளும் 5ல வச்சு நிம்மதியா தூங்கினான்" என்கிறாள். அங்கேதான் அவளுக்குப் புரிய வேண்டும். மூன்றாம் தடவை, பெரிய சண்டைக்குப் பிறகு, அவன் பேசாமல் படுக்கிறான். ஃபேன் 2இல்தான் இருக்கிறது. கோபத்திலும் மாற்றவில்லை.

அந்த மூன்றாம் இடத்தில் வாசகி அழுவாள். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் எழுதினால் யாரும் அழ மாட்டார்கள். நீங்கள் எல்லோரும் "ஃபீல்" என்று சொல்வது பெரும்பாலும் இப்படி முன்கூட்டி விதைத்ததன் அறுவடைதான்.

ரைட்டர் பித்தன்

ஃபேன் ஸ்பீடை வச்சு 30 எபி ஓட்ட முடியுமா அம்மா? ஐ லவ் யூ எப்போ சொல்லணும்? என் கணக்குல 27 அல்லது 28. சொல்லியாச்சுன்னா கதை முடிஞ்சுது. வியூஸ் இறங்கிடும்.

பிழைதிருத்தி

இதில் நான் உங்களோடு சேர மாட்டேன். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் "பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்" மொத்தம் 61 அத்தியாயம். டார்சி காதலைச் சொல்வது 34இல். பாதி தாண்டியதும் சொல்லிவிடுகிறான், அவளும் மூஞ்சியில் அடித்தாற்போல் மறுத்துவிடுகிறாள். மறுபடி கேட்பது 58இல். இடைப்பட்ட அத்தியாயங்களில்தான் இருவரும் மாறுகிறார்கள். சொன்ன பிறகு கதை முடியவில்லை, சொன்னதால்தான் இரண்டாம் பாதியே இருக்கிறது.

பூங்கொடி கதையில் 16 வாக்கில் அவன் சொல்லிவிடலாம். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பிடிக்காததால் அல்ல, பிடித்ததால். பிடித்ததுதான் போன தடவை பறிபோனது. அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில், ஒரே பட்டறையில், மறுநாள் காலை அவனோடு பாகு கிண்ட வேண்டும்.

நிலாப்பெண்

நம்ம தொடர்கதை வாசகர்கள் வேற அம்மா. முழுப் புத்தகமா கையில வச்சிருக்கிறவங்க 34லேருந்து 58க்கு ரெண்டு நாள்ல போயிடுவாங்க. வாரம் ரெண்டு எபின்னா 16ல சொல்லி 26ல பதில்னா அஞ்சு வாரம். ஹீரோ பாவம்னு ஹீரோயினைத் திட்டி கமெண்ட் குவியும். என் கதையில அப்படித்தான் ஆச்சு, பாதிப் பேர் போயிட்டாங்க.

பிழைதிருத்தி

அது நியாயமான பேச்சு. வாரக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை, எங்கள் காலத்தில் முழு நாவலாக வந்துவிடும். அவள் சும்மா தவிக்காமல் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைத் துணிந்து செய்தால் திட்டு குறையும் என்று நினைக்கிறேன். போய்விடுவார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மதுமதி_கதைகள்

16ஆ 22ஆன்னு யோசிக்கிறேன். இன்னொரு சந்தேகம். இவங்க கல்யாணம் ஆனவங்க. மனசு சேர்ந்த பிறகு... குடும்பத்தோட படிக்கிற கதையில அதை எப்படிக் கடக்கிறது?

ரைட்டர் பித்தன்

கதவைச் சாத்துங்க, "மறுநாள் காலை"ன்னு போடுங்க. முடிஞ்சுது.

பிழைதிருத்தி

சாத்தலாம். ஆனால் சாத்துவதற்கு முன்னால் உச்சம் வந்திருக்க வேண்டும். 26இல் அவள் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து, மீதித் துணிகளை எடுத்து அவன் அலமாரியில் அவன் சட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்குகிறாள். அவன் வாசலில் நின்று பார்க்கிறான். கேட்பதற்கு அவனுக்கும் ஒரு வரி, சொல்வதற்கு அவளுக்கும் ஒரு வரி. வாசகி காத்திருந்தது இதற்குத்தான். பிறகு கதவு சாத்தினால் யாருக்கும் ஏமாற்றமில்லை. துணி அடுக்காமல் கதவு மட்டும் சாத்தினால், எதையோ கத்தரித்துவிட்டதாகத் தோன்றும்.

காலையும் முக்கியம். அதுவரை "வாங்க, சொல்லுங்க" என்றவள் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு "நீ" நழுவவிட்டால், மாமியார் சாம்பார்க் கரண்டியோடு ஒரு நொடி நின்றால், அதற்குமேல் ஒன்றும் எழுத வேண்டாம். ஆனால் அங்கே மாமியாரையோ தோழியையோ கண்ணடித்துக் கிண்டல் பேச வைத்துவிடாதீர்கள். முத்தமே இல்லாத எத்தனையோ கதைகளில் இந்தக் கிண்டல் வசனத்தால்தான் பெண்ணோடு சேர்ந்து படிக்கிற அம்மா பக்கத்தைத் தள்ளுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்னத்தில் அறைவது, கையை முறுக்குவது, மிரட்டித் தாலி கட்டுவது எல்லாம் "குடும்ப நாவல்" என்ற பெயரில் வருகிறது. முத்தம் இல்லை, அதனால் சுத்தம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

நிலாப்பெண்

ஆன்ட்டி ஹீரோன்னா வாசகர்களுக்குப் பிடிக்குதே அம்மா. கடைசியில திருந்திடுறானே. எல்லா ஹீரோவும் ஃபேனை 2ல வச்சா எப்படி?

சுகந்தி செல்வம்

என் பொண்ணுக்கு 14 வயசு. அவ அறையிற ஹீரோவைப் படிச்சுட்டு "ஸோ ஸ்வீட்"னு சொன்னா எனக்குப் பகீர்னு இருக்கு. நிலா, உங்க கதையைச் சொல்லலைம்மா.

நிலாப்பெண்

சரி, அதுக்குத் தனி இழை போடலாம். இங்க ஆரம்பிச்சா மதுமதி கதை நடுவுல நின்னுடும்.

மதுமதி_கதைகள்

புதுத் திட்டம் போட்டிருக்கேன், பாருங்க. 9: மாமியார் கேட்கிறதும் அவன் சொல்றதும். 10: பாகு, தண்ணி, கை. 11: அவ கீறல் போடப் பழகுறா, முதல் நாள் எல்லாம் கோணல், அவன் அந்தக் கோணல் மிட்டாயை விற்காம எடுத்து வச்சுக்கிறான். 12: ஃபேன், முதல் தடவை. 13: கழுகுமலை, ஆனா இப்போ அவளே கூப்பிடுறா. 14: அவளைப் பாதியில விட்ட அந்தப் பழைய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பட்டறைக்கே மொத்த ஆர்டரோட வர்றாங்க. கடன் இருக்கு, ஆர்டர் வேணும். முடிவை முருகவேல் அவகிட்டயே விட்டுடுறான்.

பஸ் ஸ்டாண்ட் பொண்ணைத் தூக்கிட்டேன். ஏற்கெனவே போட்ட எபியை மாத்தினா வாசகர்கள் திட்டுவாங்களோன்னுதான் பயம்.

பிழைதிருத்தி

14 நன்றாக இருக்கிறது. இதுவரை போட்ட எல்லாவற்றையும்விட. ஆர்டரை அவள் ஏற்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுத்தால் சுயமரியாதை, ஏற்றால் கதை. ஆனால் உங்கள் பூங்கொடியை உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு கேள்வி மட்டும். 3ஆம் அத்தியாயத்திலேயே "அவள் மேல் தனக்கு வந்திருப்பது காதல்தான்" என்று முருகவேல் மனசுக்குள் பேசிக்கொள்கிறானே, அது இருக்க வேண்டுமா? அவன் மனசு நமக்குத் திறந்திருந்தால் கோணல் மிட்டாய்க்கு மர்மமே இல்லை.

மதுமதி_கதைகள்

ஐயோ, அவனோட மைண்ட் வாய்ஸுக்குத்தான் ஃபேன்ஸே அதிகம்!

சுகந்தி செல்வம்

மைண்ட் வாய்ஸை எடுக்காதீங்க ப்ளீஸ். எனக்கு அவன் நினைக்கிறது தெரிஞ்சு, அவளுக்குத் தெரியாம இருக்கிறதுலதான் சுகமே.

ரைட்டர் பித்தன்

எடுங்க. நான்கூட அம்மா கட்சிக்கு வந்துட்டேன்.

கோவில்பட்டிக்காரன்

எடுத்தாலும் வச்சாலும் 5ஆம் எபியில பாகுப் பதத்தை முதல்ல மாத்துங்க. அப்புறம், மொத்த ஆர்டர்னா கிலோ கணக்குல எழுதுங்க, "நூறு டப்பா"ன்னு சின்னப்புள்ளத்தனமா வேண்டாம்.